பாகு காய்ச்சிய கோந்து லட்டு

டிசம்பர் பிறந்து, மொட்டை மாடி வெயிலுக்குத் துணியும் மனுஷரும் போட்டி போட ஆரம்பித்ததும், கீழ் வீட்டு பாபிஜி எங்கள் கட்டடத்தில் வீடு வீடாகக் கதவைத் தட்டுவார். கேட்பது ஒரே கேள்விதான்: "உங்க வீட்ல இந்தக் குளிருக்கு எத்தனை பேர்?"

எத்தனை கிலோ வேண்டும் என்று கேட்க மாட்டார். தலையைத்தான் கேட்பார். ஒரு தலைக்கு, காலையில் சூடான பாலோடு ஒரு லட்டு, வங்காளத்தில் தை மாசம் வருகிற சரஸ்வதி பூஜை வரைக்கும். அந்தக் கணக்குக்குத் தகுந்தாற்போல படா பஜாரிலிருந்து கோந்து, பாதாம், முந்திரி, முலாம்பழ விதை, தாமரை விதைப் பொரி, சுக்கு எல்லாம் மொத்தமாக வந்து இறங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் அடுப்பு வைத்து, சேர்ந்திருக்கிற வீட்டுக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து உருட்டுவோம். பாபிஜி ராஜஸ்தான் பக்கத்து மனுஷி. மாமியார், மைத்துனர், பேரன் பேத்தி என்று அவர் வீட்டிலேயே ஒரு ரயில் பெட்டி ஜனம். அந்த வீட்டில் குளிர்காலம் என்றால் கோந்து லட்டு, பிள்ளை பெற்றவளுக்கும் கோந்து லட்டு, முட்டி வலி என்றாலும் கோந்து லட்டு. எனக்கோ கோந்து என்றால் முதலில் ஆபீஸில் கவர் ஒட்டுகிற பாட்டில்தான் ஞாபகம் வந்தது. இது வேறே. மரத்துப் பிசின். கல்கண்டு மாதிரி இருக்கும், நெய்யில் போட்டால் ஜவ்வரிசி வடகம் மாதிரிப் பொரியும்.

இந்த வருஷம் என் கதவைத் தட்டியபோது பாபிஜி கேள்வியைப் பாதியில் நிறுத்திவிட்டார். "ஒருத்தர்தானே, பாயிசாப்?" என்றார்.

"ரெண்டு," என்றேன்.

பாபிஜி என்னை ஒரு பார்வை பார்த்தார். என் பெண்டாட்டி சென்னையில் இருப்பது இந்தக் கட்டடத்தில் காவல்காரன் முதற்கொண்டு எல்லோருக்கும் தெரியும். "வராங்களா?" என்று கேட்டார்.

"வரா. இந்தத் தடவை குளிர் முடியறவரைக்கும் இருக்கா," என்றேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. "லீவுக்கு வரேன், எத்தனை நாள்னு வந்து பார்க்கலாம்" என்றுதான் போனில் சொன்னாள். நான் அந்தப் 'பார்க்கலாமை' டிக்கெட்டாகவே எடுத்துக்கொண்டுவிட்டேன். என்ன செய்வது, ஆசை யாரை விட்டது.

என் கதை பெரிய கதை இல்லை. கார்டன் ரீச்சில் இருக்கிற ரயில்வே தலைமை ஆபீஸில் கணக்குப் பிரிவில் காலம் தள்ளிவிட்டு ரிடையர் ஆனவன். மாயவரம் பக்கத்துக்காரன் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, மாயவரத்தில் இருந்ததைவிட இங்கே இருந்ததுதான் அதிகம். லேக் கார்டன்ஸில் ஒரு ஃப்ளாட் வாங்கினோம், பெண்ணைப் படிக்க வைத்தோம், அவளைச் சென்னையில் கட்டிக்கொடுத்தோம். நான் ரிடையர் ஆன அதே வருஷம் பேரன் பிறந்தான். பிள்ளைப்பேற்றுக்குத் துணைக்கு என்று கிளம்பின என் பெண்டாட்டி, "மூணே மாசம், பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க" என்றாள். பெண் வேலைக்குப் போகிறவள். மாப்பிள்ளையும் அப்படியே. மூன்று மாசம் ஆறு மாசமாகி, பேரன் தவழ்ந்து, நடந்து, பள்ளிக்கூடம் சேர்ந்து, இப்போது ஒண்ணாம் கிளாஸ். எனக்கு பென்ஷன் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், அவளுக்கு அப்போதுதான் உத்தியோகம் கிடைத்தது. நான் இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறேன், அதிலும் ரெண்டு போய்விட்டது.

லட்டுக் கூட்டத்தில் முதலில் அவள்தான் இருந்தாள். அவள் போன பிறகு அந்த இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன். முதல் வருஷம் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. ஆம்பளை என்று பார்த்தால் நான் ஒருத்தன்தான். பொரித்த கோந்தைக் கிண்ணத்தின் அடியால் நுணுக்குவது என் வேலை. சத்தியமாகச் சொல்கிறேன், வருஷம் பூராவும் எனக்கு நாலு பேரோடு சேர்ந்து உட்கார்ந்து பேச வாய்த்த ஒரே நாள் அதுதான். மற்ற நாளெல்லாம் காலையில் ஏரிக்கரையில் நடை, மீன் மார்க்கெட்டைத் தாண்டிக் காய்கறி, டிவி, தூக்கம். சில நாள் சாயங்காலம் போன் அடித்து "ஹலோ" என்றால், அன்றைக்கு நான் பேசுகிற முதல் வார்த்தையாக அது இருக்கும். தொண்டை கட்டியிருக்கும். "என்ன, ஜலதோஷமா?" என்பாள். ஆமாம் என்றுவிடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விசேஷமாகத் தயார் செய்துகொண்டேன். என் பெண்டாட்டிக்கு இந்த ஊரில் உயிர் என்று ஒன்று உண்டென்றால் அது நொலேன் குட். பேரீச்ச மரத்துச் சாறு காய்ச்சின புது வெல்லம், குளிர்காலத்தில் மட்டும் வரும். கட்டியாக வார்த்தால் அதற்குப் பேர் பாட்டாலி. வாசனையைச் சொல்லி மாளாது. முந்தின நாள் கடியாஹாட் போய், நாலு கடை முகர்ந்து, கையால் ஒடித்தால் பொலபொலவென்று உடைகிற நல்ல பாட்டாலியாகப் பார்த்து வாங்கினேன். சர்க்கரை கலந்ததென்றால் கல்லாக இருக்கும், ஒடியாது. அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான், அது பின்னால் வருகிறது.

மாடியில் பாபிஜி கோதுமை மாவை நெய்யில் வறுத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொரகொரப்பான மாவு, சிறு தீ, கரண்டி நிற்கக் கூடாது. நிறம் மாறி, கமகமவென்று வாசனை அடுத்த கட்டடத்துக்கும் போகும்வரை வறுக்க வேண்டும். இன்னொரு அடுப்பில் அவர் மருமகள் கோந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நெய்யில் போட்டு எடுத்தாள். மொத்தமாகக் கொட்டினால் வெளியே பொரியும், உள்ளே வேகாது, அப்புறம் பல்லில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். மூன்றாம் மாடி பௌதி பாதாம் நறுக்கினார். அவர் வங்காளி, பௌதி என்றால் அவர்கள் பாஷையில் அண்ணி, என்னை தாதா, அதாவது அண்ணா, என்பார். எள்ளு நாடு என்று அவர்கள் ஊர் எள்ளுருண்டையைத் தனியாகப் பண்ணி எல்லோருக்கும் தருவார். ஆனாலும் இந்தக் கூட்டத்தைத் தவற விட மாட்டார்.

நான் பாட்டாலியை எடுத்து வைத்தேன். "என் பங்குக்கு இதைப் போடுங்க," என்றேன்.

பாபிஜி முகர்ந்து பார்த்தார். "வாசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா மெத்துனு இருக்கும். நம்ம கரும்பு வெல்லம் மாதிரிப் பிடிச்சு நிக்காது. சீக்கிரம் சாப்பிட்டுடணும்."

"ரெண்டு பேர் இருக்கோமே, சாப்பிட்டுடுவோம்," என்றேன்.

என் பங்கு மாவு, கோந்து, பருப்பு எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் தனியாகப் போட்டுக் கொடுத்தார். "மாவு கை பொறுக்கிற சூட்டுக்கு வரட்டும். அப்ப வெல்லத்தைத் தூளாக்கிக் கலந்து உருட்டுங்க. அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டுத் தன் அண்டாவுக்குப் போனார். அவ்வளவுதான். ஒரு கழுதைக்குச் சொன்னால்கூடப் புரியும்.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. வெல்லத்தை அப்படியே அள்ளிப் போடுவதாவது? எங்கள் வீட்டுப் பழக்கத்தில் வெல்லம் என்றால் தண்ணீரில் கரைத்து, மண்ணும் தூசியும் போக வடிகட்டி, பாகு காய்ச்சினால்தான் வெல்லம். மற்றவர்கள் பங்கில் பாபிஜி தூளைப் போடுவதை வருஷா வருஷம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அது அவர் லட்டு. இது என் கையால் அவளுக்குப் பண்ணுகிற முதல் உருண்டை. கல்லும் மண்ணுமாகப் போய், வந்த அன்றைக்கே "வடிகட்டினீங்களா?" என்று கேட்டுவிட்டால்? கேட்கக்கூடிய ஆள்தான்.

சும்மா இருந்த அடுப்பில் வாணலியை ஏற்றினேன். கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாட்டாலியை உடைத்துப் போட்டு, கரைந்ததும் துணியில் வடிகட்டி, திரும்ப அடுப்பில் வைத்தேன். அது கொதித்தது, நுரைத்தது. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கரைந்தது. இன்னும் கொஞ்சம். உருண்டது, ஆனால் நசுங்கியது. இன்னும் கொஞ்சம். எடுத்துத் தட்டில் போட்டேன், டக்கென்று சத்தம் கேட்டது. ஆகா, உருட்டுப் பதம். அப்போது பார்த்துத்தான் பௌதி நிமிர்ந்து, "தாதா, என்ன பண்றீங்க? பாட்டாலியையா கொதிக்க வெச்சீங்க?" என்று கேட்டார். அவர் முகத்தில் சாவு வீட்டுக்குப் போனவர் களை இருந்தது.

அதற்குள் பாகு மாவில் விழுந்துவிட்டது. அப்புறம் யோசிக்க நேரமில்லை. பாகு போட்டால் சுடச்சுட உருட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் மொத்தமும் ஒரே பாறை. உள்ளங்கை பழுக்கப் பழுக்க உருட்டினேன். பாபிஜியின் மருமகள் இரக்கப்பட்டு வந்து கூட உருட்டினாள், இரண்டு உருட்டியதும் கையை உதறிக்கொண்டு போய்விட்டாள். ஆறினதும் ஒன்றை எடுத்துக் கடித்தேன். கடித்தேன் என்று சொல்வது மரியாதைக்கு. அது என்னைத்தான் கடித்தது. பாட்டாலி வாசனை போன இடம் தெரியவில்லை, அடியில் லேசான கசப்பு வேறே.

பௌதி ஒரு துணுக்கை உடைத்து வாயில் போட்டு வெகு நேரம் சப்பினார். "வாசனையெல்லாம் ஆவியாப் போயிடுச்சு, தாதா. கடைசியில சேர்க்கிற சாமான் இது," என்றார். பாபிஜி திட்டவில்லை. தன் அண்டாவிலிருந்து நாலு நல்ல லட்டை எடுத்து என் டப்பாவின் மேலே வைத்தார். "முதல் நாளைக்கு இதைக் கொடுங்க," என்றார். இந்த ஊர் எனக்குச் செய்தது பலது உண்டு, அதில் இதையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அவள் வந்தாள். ஹவுராவில் இறங்கும்போதே மூக்கு சிவந்திருந்தது. டாக்சியில் உட்கார்ந்ததும், "என்ன குளிர் இது, எப்படித்தான் இருக்கீங்களோ," என்றாள். இந்தக் குளிரில் இருபது வருஷத்துக்கு மேல் ஸ்வெட்டர்கூடப் போடாமல் காய்கறி வாங்கப் போனவள். வந்ததே பெரிசு என்று டாக்சி ஜன்னலை ஏற்றிவிட்டேன்.

மறுநாள் காலையில் பால் காய்ச்சி, பாபிஜி கொடுத்த லட்டு ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். விண்டு வாயில் போட்டாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா சூடாச்சே. வாய்ப்புண் வரும்."

"இந்த ஊர்ல இந்த நேரத்துல வராது. உனக்கே தெரியும். நீ தின்னதுதானே?"

"அது அப்ப," என்றாள்.

டப்பாவைத் தானே இழுத்துத் திறந்து பார்த்தாள். அடியில் இருந்த என் உருண்டையை எடுத்தாள். தட்டில் ஒரு தட்டு தட்டினாள். பிறகு கதவு இடுக்கில் வைத்து உடைத்து, ஒரு துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டாள்.

"யார் பண்ணினது?"

"நான்தான். பாகு கொஞ்சம் முத்திப்போச்சு."

"முத்தல்லாம் இல்லை. பொரிவிளங்காய் உருண்டை மாதிரியே இருக்கு. எங்க அம்மா பண்ற மாதிரி," என்றாள். கன்னம் ஒரு பக்கம் உப்பியபடியே சிரித்தாள். "பரவாயில்லையே, உங்களுக்குப் பாகெல்லாம் வருதே. வடிகட்டினீங்களா?"

கேட்டாள் பாருங்கள். "வடிகட்டினேன்," என்றேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. வங்காளியும் மார்வாடியும் சேர்ந்து ஒதுக்கின உருண்டையை ஒருத்தி வாயில் ஒதுக்கிக்கொண்டு சிரிக்கிறாள். கட்டினவள் என்றால் கட்டினவள்தான்.

அடுத்த சில நாள் நான் ராஜா. காலையில் இரண்டு பேருக்குப் பால். அவளுக்கு என் உருண்டை, எனக்குப் பாபிஜி லட்டில் ஒரு விள்ளல். பத்து மணிக்கு மாடியில் வெயில். அவள் பாபிஜியோடு பேசுவாள், பௌதியோடு பேசுவாள், வங்காளம் மறக்கவில்லை. நான் ஒரு ஓரமாகப் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வீட்டில் இன்னொரு ஆள் நடமாடுகிற சத்தம் இருக்கிறதே, செருப்பு, குக்கர், குளியலறைக் குழாய், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஒரு நாள் மத்தியானம் அவள் தூங்குகிறாளா என்று சும்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து பேப்பரை எடுத்தேன், ஒரு வரி ஓடவில்லை.

எத்தனை நாள் இருப்பாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். சரஸ்வதி பூஜை வரைக்கும் டப்பாவில் இருக்கிறது, அது தீருகிற வரைக்கும் இருப்பாள் என்று நானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பொங்கலுக்கு இங்கேயே கரும்பு வாங்கலாம் என்று இரண்டு தடவை பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பார்த்தேன். "ம்" என்றாள். அந்த 'ம்'மையும் எடுத்து 'பார்க்கலாம்' பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு சாயங்காலம் பேரன் வீடியோவில் வந்தான். அவள் அப்போதுதான் ஒரு உருண்டையை உடைத்து வாயில் போட்டிருந்தாள். கடக் என்று சத்தம்.

"ஆச்சி, என்ன சாப்பிடறே?"

"தாத்தா பண்ணின உருண்டைடா."

"எனக்கு?"

"கொண்டு வரேன்டா கண்ணா. புதன்கிழமை உனக்கு முன்னாடி நிப்பேன். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள வந்துடறேன்."

எனக்குச் சொல்லவில்லை. அவனுக்குச் சொன்னாள். பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், திரையில் என் பாதி முகம்கூடத் தெரிந்திருக்கும். புதன்கிழமை அங்கே நிற்க வேண்டுமென்றால் திங்கள்கிழமை ராத்திரி இங்கே வண்டி ஏற வேண்டும். ரயில்வேக்காரனுக்கு அதற்கு டைம்டேபிள் பார்க்க வேண்டாம்.

போன் வைத்ததும், "ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துட்டுத்தான் வந்தியா?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை எடுத்தார். சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப, வண்டி ஏறினப்புறமா?"

"கத்தாதீங்க. நான் இல்லேன்னா அவனை யாரு பஸ் ஏத்தறது? சாயங்காலம் யாரு கூட்டிட்டு வரது?"

"எனக்கு யாரு இருக்கா?"

"நீங்க என்ன குழந்தையா?" என்றாள்.

குழந்தை இல்லைதான். குழந்தையாக இருந்தால் இந்நேரம் யாராவது தூக்கி இடுப்பில் வைத்திருப்பார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு டப்பாவைத் தூக்கி மாடியிலிருந்து போட்டிருப்பேன். கோபம் என்று சொல்லிக்கொள்கிறேன். அது கோபம் இல்லை. எழுந்து போய் ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். குரங்குக் குல்லா போட்ட கிழவர்கள் கூட்டம் கூட்டமாகப் பெஞ்சில் உட்கார்ந்து அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் எத்தனை பேருக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே நடந்தேன்.

திரும்பி வந்தபோது அவள் கூடத்தில் செய்தித்தாளை விரித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். என் உருண்டை ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கினாள். ஒன்றுகூட உடையவில்லை. பாபிஜி கொடுத்த லட்டில் மிச்சம் ஒன்றே ஒன்று இருந்தது. அதை எடுத்துப் பார்த்து, "இது வண்டில குலுங்கினாலே மாவாயிடும். நீங்க சாப்பிட்டுடுங்க," என்று தட்டில் வைத்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாபிஜி சொன்னபடி தூளைப் போட்டு உருட்டியிருந்தால் லட்டு மெத்தென்று இருந்திருக்கும். விண்டால் விண்டு வரும், கைவிட்டுக் கை மாறினால் உதிரும். வீட்டில் இருந்து, வீட்டிலேயே தின்று தீர்க்கிற பண்டம் அது. நான் என்னடாவென்றால் நம் ஊர்ப் பாகைக் காய்ச்சி, மலை ஏறினாலும் உடையாத, மாசக்கணக்கில் கெடாத கட்டுச்சோற்றுப் பண்டமாக ஆக்கி வைத்துவிட்டேன். இருக்கச் சொல்லிப் பண்ணினது, போவதற்குத் தோதாக வந்து வாய்த்தது. யாரை நோவது.

"குழந்தைக்கு இது சூடு இல்லையா?" என்று கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

"மார்கழிப் பனிக்கு அவனுக்கு எப்பவும் சளி. பாதி பாதியாக் கொடுப்பேன்," என்றாள். அவளுக்குக் குத்தல் உறைக்கவில்லை. உறைத்தும் விட்டுவிட்டாளோ என்னவோ.

திங்கள்கிழமை ஹவுராவுக்கு நான்தான் கொண்டுவிட்டேன். கீழ் பெர்த். பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, உருண்டை டப்பாவை மட்டும் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பக் கொஞ்ச நேரம் இருந்தது. இரண்டு பேரும் பெட்டிக் கதவுக்கு வந்து நின்றோம், அவள் மேலே, நான் பிளாட்பாரத்தில். டீக்காரன் போனான், மூட்டைக்காரன் போனான். நான் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, அடுத்த வருஷம் இன்னும் நிறையப் பண்ணுங்க," என்றாள். "மாப்பிள்ளைக்கும் பிடிக்கும். நான் வர முடியலேன்னாலும் பார்சல்ல அனுப்பிடலாம். இதுதான் கெடாதே."

ரொம்ப நல்ல மனசோடு சொன்னாள். என்னைப் பாராட்டுகிறாள். முகத்தில் அப்படி ஒரு பிரியம். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது, அதை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கிண்டல்தான்.

"அப்ப என்னையும் சேர்த்து பார்சல்ல அனுப்பிடு. நானும் கெட மாட்டேன்."

சிரித்தாள். "உங்களை எங்க வைக்கிறது? நானே ஹால்லதான் படுக்கிறேன்."

"என்னது?"

"ஆமா. சோபாவை நகர்த்திட்டுப் பாயைப் போட்டுப்பேன். ஒரு ரூம் பொண்ணு மாப்பிள்ளைக்கு, ஒண்ணு அவனுக்குப் படிக்க, தூங்க. நீங்க வர நாலு நாளைக்குத்தான் அவன் ரூமைக் காலி பண்றது. ராத்திரி அவங்க டிவி பார்த்து முடிச்சப்புறம் படுக்கணும், அவ்வளவுதான். பழகிப்போச்சு."

சர்வ சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் தினம் போன் பேசியிருக்கிறோம், சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறேன், மாத்திரை போட்டாயா என்று கேட்டிருக்கிறேன். எங்கே படுக்கிறாய் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

வண்டி நகர ஆரம்பித்தது. "உள்ளே போங்க," என்று கோச் ஆள் அவளைத் தள்ளாத குறையாக நகர்த்திக் கதவைச் சாத்த வந்தான். நான் கூடவே நடந்தேன்.

"இங்க ரெண்டு ரூம் சும்மா கிடக்குதுடி," என்றேன்.

அதற்குள் அவன் கதவைச் சாத்திவிட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கையைக் காதருகே கொண்டுபோய், போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுகிறேன் என்று ஜாடை காட்டினாள்.